பொது பி.எட். படித்தவர் சிறப்புக் கல்வி ஆசிரியராகப் பதிவு பெறுவது எப்படி: நம்ம டெல்டா பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் பி.எஸ்சி. மேத்ஸ், பொது பி.எட். முடிச்சு தனியார் பள்ளியில் இருக்கேன். என் வகுப்பில் நாலைந்து பிள்ளைகளுக்குப் படிக்கவே வரல. அவங்களுக்குச் சொல்லித்தர எனக்கு என்ன கூடுதல் சான்றிதழ் வேணும்?

உங்கள் வகுப்பில் இருக்கிற பிள்ளைக்கு வகுப்பாசிரியராக நீங்கள் சொல்லிக்கொடுக்க எந்தச் சான்றிதழும் வேண்டாம். யாரும் கேட்கவும் மாட்டார்கள். ஆனால் "சிறப்புக் கல்வி ஆசிரியர்" என்ற பெயரில் ஒரு பள்ளியிலோ மையத்திலோ வேலை பார்க்க வேண்டுமானால் கதை வேறு. அதற்கு இந்திய மறுவாழ்வு கவுன்சில், அதாவது எல்லோரும் ஆர்.சி.ஐ. என்று சொல்கிற டெல்லி அமைப்பு அனுமதித்த ஒரு படிப்பை முடித்து, அவர்களுடைய மத்திய மறுவாழ்வுப் பதிவேட்டில் பெயரை ஏற்றி, சி.ஆர்.ஆர். எண் வாங்க வேண்டும். பொதுப் பள்ளியில் வேலை என்றால் அதற்கு மேல், ஒரு பிரிவில் படித்தவருக்கு மற்ற குறைபாடுகளையும் பழக்குகிற ஆறு மாதக் கிராஸ் டிசபிலிட்டி பயிற்சியும் கேட்கிறார்கள். படிப்பு, பதிவு, ஆறு மாதம் என்ற வரிசையில்தான் இது நடக்கும். பலர் கடைசியில் இருப்பதை முதலில் செய்யப் பார்த்து மாட்டிக்கொள்கிறார்கள்.

பி.எட்.லயே உள்ளடக்கிய கல்வின்னு ஒரு பேப்பர் எழுதினோமே, அது கணக்கில் வராதா?

வராது. இரண்டு வருட பொது பி.எட். பாடத்திட்டத்தில் அந்தப் பேப்பர் இருப்பது உண்மைதான், உபயோகமான பேப்பரும்கூட, ஆனால் அந்தப் பட்டம் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் கீழ் வருவது. ஆர்.சி.ஐ. தன் கீழ் வரும் படிப்புகளை மட்டும்தான் பதிவேட்டில் ஏற்றும். ஒரு பேப்பரை வைத்துப் பதிவு கேட்டால் விண்ணப்பம் அப்படியே திரும்பி வரும்.

கும்பகோணத்தில் மூணு மாச "டிஸ்லெக்சியா டிப்ளமோ" நடத்துறாங்க, சர்டிஃபிகேட்டில் "கவர்ன்மென்ட் ரெஜிஸ்டர்டு"ன்னு இருக்கு. சேரலாமா?

எந்த இடத்தைச் சொல்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாது, இந்த மாதிரி விளம்பரம் தஞ்சாவூர், மயிலாடுதுறை, திருச்சி என்று எல்லா ஊரிலும் ஒட்டியிருக்கிறது. "கவர்ன்மென்ட் ரெஜிஸ்டர்டு" என்றால் பெரும்பாலும் அந்த அறக்கட்டளையையோ கம்பெனியையோ பதிவு செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம். டீக்கடையைக்கூடத்தான் பதிவு செய்யலாம். அதை வைத்துப் படிப்புக்கு ஆர்.சி.ஐ. அனுமதி இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள்.

கண்டுபிடிப்பது சுலபம். rehabcouncil.nic.in தளத்தில் அனுமதி பெற்ற கல்வி நிறுவனங்களின் பட்டியலை மாநிலவாரியாகப் பார்க்கலாம். அதில் நிறுவனத்தின் பெயர் இருந்தால் மட்டும் போதாது என்பதைத்தான் பலர் கவனிப்பதில்லை. அனுமதி ஒவ்வொரு படிப்புக்கும் தனித்தனி, அதுவும் குறிப்பிட்ட கல்வியாண்டு வரைக்கும்தான். செவித்திறன் குறைபாட்டுக்கான டிப்ளமோவுக்கு அனுமதி வைத்திருக்கிற ஒரு நிறுவனம் அறிவுசார் குறைபாட்டுக்கு வைத்திருக்கும் என்று சொல்ல முடியாது. போன வருஷம் அனுமதி இருந்தது, இந்த வருஷம் புதுப்பிக்கவில்லை என்பதும் நடக்கும். அதனால் நிறுவனம், படிப்பு, நீங்கள் சேரும் ஆண்டு மூன்றும் ஒரே வரியில் பொருந்துகிறதா பாருங்கள். பொருந்தவில்லை என்றால் பணம் கட்டாதீர்கள். "அப்ளை பண்ணியிருக்கோம் மேடம், வந்துடும்" என்று சொன்னால், வந்த பிறகு சேர்ந்துகொள்கிறேன் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறுங்கள்.

அந்த மூன்று மாத வகுப்பில் கற்றுக்கொள்ள ஒன்றுமே இருக்காது என்று நான் சொல்ல வரவில்லை. நல்ல ஆள் நடத்தினால் சில உத்திகள் கிடைக்கலாம். சி.ஆர்.ஆர். எண் மட்டும் கிடைக்காது, அவ்வளவுதான்.

அப்ப நான் மறுபடியும் முதலிலிருந்து ஒரு பி.எட். படிக்கணுமா?

கட்டாயம் இல்லை, இதுதான் நிறைய பேருக்குத் தெரியாத விஷயம். உங்களிடம் பொது பி.எட். ஏற்கெனவே இருக்கிறது. அதோடு ஆர்.சி.ஐ. அனுமதித்த இரண்டு ஆண்டு சிறப்புக் கல்வி டிப்ளமோவைச் சேர்த்தாலே ஆறாம் வகுப்புக்கு மேல் சிறப்பாசிரியராக இருப்பதற்கான தகுதிப் பட்டியலில் வந்துவிடுவீர்கள். பொது பி.எட். உடன் சிறப்புக் கல்வி டிப்ளமோ என்பதை அந்தப் பட்டியலில் தனி வரியாகவே போட்டிருக்கிறார்கள். டிப்ளமோவுக்குப் பிளஸ் டூவில் 50 சதவீத மதிப்பெண் கேட்பார்கள்.

இல்லை, பட்டமாகவே வேண்டும் என்றால் சிறப்புக் கல்வி பி.எட். இருக்கிறது. முன்பு ஒரு வருடமாக இருந்ததை 2015-லிருந்து இரண்டு வருடமாக்கிவிட்டார்கள். வேலையை விட முடியாதவர்கள் பெரும்பாலும் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் தொலைநிலை சிறப்பு பி.எட்.டைத்தான் பார்க்கிறார்கள், அது இரண்டரை ஆண்டு. தொலைநிலை என்றதும் வீட்டில் இருந்தே முடித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். நேர்முக வகுப்பு, செய்முறை, சிறப்புப் பள்ளியில் கற்பித்தல் பயிற்சி எல்லாம் உண்டு. பயிற்சி மையம் எந்த ஊரில் என்று கேட்டுக்கொண்டு சேருங்கள். வேதாரண்யத்திலிருந்து திருச்சிக்கு வாரக்கடைசியில் போய்வருவது சொல்லும்போது சின்ன விஷயமாகத்தான் தெரியும்.

எது நல்லது என்று கேட்டால், பொது பி.எட். கையில் இருக்கிறவருக்கு நான் டிப்ளமோவைத்தான் சொல்வேன். குழந்தைகளோடு செலவழிக்கிற நேரம் அதில் அதிகம். எம்.எட். சிறப்புக் கல்வி வரை போக நினைக்கிறவர்கள் பி.எட். பக்கம் போகலாம்.

டிப்ளமோவில் எந்தப் பிரிவை எடுக்கணும்? எனக்குக் கற்றல் குறைபாடுதான் வேணும்.

இங்கேதான் சிக்கல். இந்தப் படிப்புகள் எல்லாமே குறைபாட்டு வாரியாகப் பிரிந்தவை: பார்வை, செவித்திறன், அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், மூளை முடக்குவாதம் என்று. டிஸ்லெக்சியா மாதிரியான குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டுக்கு பி.எட். அளவில் தனிப் பிரிவு இருக்கிறது, ஆனால் அதை நடத்துகிற இடங்கள் குறைவு. நம் பக்கத்தில் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருப்பவை பெரும்பாலும் அறிவுசார் குறைபாடு, செவித்திறன், பார்வை இந்த மூன்றுதான்.

அதனால் கற்றல் குறைபாட்டுப் பிள்ளைகளோடு வேலை செய்ய ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் அறிவுசார் குறைபாட்டுப் பிரிவில் சேர்கிறார்கள். அது தப்பில்லை. பாடத்தைச் சின்னப் படிகளாக உடைப்பது, ஒரு பிள்ளைக்கு மட்டும் தனிக் கல்வித் திட்டம் எழுதுவது, முன்னேற்றத்தை அளந்து குறிப்பது எல்லாம் அங்கே ஆழமாக வரும். ஆனால் இரண்டும் ஒன்று என்று நினைத்துவிடக் கூடாது.

ஒரு உதாரணம் சொல்கிறேன். நான்காம் வகுப்புப் பையன், பேச்சில் சூரன், குறுவைக்கு மேட்டூர்த் தண்ணி எப்போது வரும், அப்பா எத்தனை மூட்டை கண்டார் என்றெல்லாம் கணக்காகச் சொல்வான். ஆனால் "பொடி" என்று எழுதிக்காட்டினால் "பெரடி" என்று படிக்கிறான். ஒற்றைக் கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கிறது, கால் பின்னால் நிற்கிறது, இரண்டும் சேர்ந்து ஒரே ஒலி என்பது அவனுக்குப் பிடிபடவில்லை, காலை "ர" என்று எடுத்துக்கொள்கிறான். இதைப் பார்த்துவிட்டு அறிவுசார் குறைபாடு என்று முடிவுகட்டினால் அது அநியாயம். டிஸ்லெக்சியா என்று உடனே எழுதினாலும் அவசரம்தான். அவனுக்கு உயிர்மெய் வரிசையை ஒழுங்காக யாராவது சொல்லிக்கொடுத்தார்களா என்று முதலில் பார்க்க வேண்டும். சில வாரம் கொம்பும் காலும் மட்டும் எடுத்து, அட்டை வைத்து, தினமும் கொஞ்ச நேரம் பழக்கினால் வெறுமனே சொல்லிக்கொடுக்காமல் விட்ட பிள்ளை சட்டென்று மேலே ஏறிவிடும். ஏறாமல், அதே தவறு ஒரு நாள் சரியாகி மறுநாள் திரும்பி வந்துகொண்டே இருந்தால்தான் அடுத்த கட்டப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். இந்த வித்தியாசத்தைப் பார்க்கிற பழக்கம் பிரிவின் பெயரால் வந்துவிடாது, நீங்கள்தான் தேடிப் படித்துக்கொள்ள வேண்டும்.

அந்த ஆறு மாச கிராஸ் டிசபிலிட்டி சான்றிதழ் எதுக்கு? நேரா அதையே படிச்சா ஆகாதா?

ஆகாது. அது அடிப்படைப் படிப்புக்கு மேல் போடுகிற மாடி, ஏற்கெனவே சிறப்புக் கல்வி டிப்ளமோ அல்லது பி.எட். முடித்துப் பதிவு பெற்றவர்களுக்கானது.

காரணம் மேலே சொன்ன பிரிவினைதான். ஒருவர் செவித்திறன் பிரிவில் படித்திருப்பார். ஆனால் பொதுப் பள்ளிக்குப் போனால் ஒரே கட்டடத்தில் பார்வை குறைந்த பிள்ளை ஒன்று, ஆட்டிசம் உள்ள பிள்ளை ஒன்று, எழுத்து வராத பிள்ளைகள் மூன்று பேர் இருப்பார்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் மொத்தம் 21 வகைக் குறைபாடுகள் இருக்கின்றன, குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் அதில் ஒன்று. வகைக்கு ஒரு ஆசிரியரைப் போட எந்தப் பள்ளியாலும் முடியாது. அதனால் ஒரு பிரிவில் தேர்ந்தவருக்கு மற்ற பிரிவுகளிலும் கைப்பழக்கம் வர வேண்டும் என்று உள்ளடக்கிய கல்வியில் இந்த ஆறு மாதப் பயிற்சியை வைத்தார்கள். சொன்னால் கோபித்துக்கொள்வார்கள், ஆனால் ஆறு மாதத்தில் பிரெயிலும் சைகை மொழியும் கைக்கு வந்துவிடாது. எந்தப் பிள்ளைக்கு என்ன தேவை, யாரிடம் அனுப்ப வேண்டும் என்று தெரிய வரும், அதற்கு அது போதும்.

இந்தப் பயிற்சிக்கும் அதே சோதனைதான். ஆர்.சி.ஐ. அறிவிப்பில் இருக்கிறதா என்று பார்க்காமல் வாட்ஸ்ஆப் பார்வர்டை நம்பிப் பணம் அனுப்பாதீர்கள்.

மொத்தம் எவ்வளவு காலம் ஆகும்? ஒருத்தர் கதையை வச்சு சொல்லுங்களேன்.

வலங்கைமான் பக்கம் ஒரு ஆசிரியை என்று வைத்துக்கொள்வோம். பொது பி.எட். முடித்தவர், ஒரு ஆங்கிலவழிப் பள்ளியில் கணக்கு எடுக்கிறார். ஜூன், ஜூலையில் அறிவிப்பைப் பார்த்து, அறிவுசார் குறைபாட்டுப் பிரிவு டிப்ளமோவுக்கு விண்ணப்பிக்கிறார். இது நேரடிப் படிப்பு, வருகைப்பதிவு கறாராக இருக்கும், அதனால் பள்ளி வேலையை விட வேண்டியிருக்கும் அல்லது நீண்ட விடுப்பு கேட்க வேண்டியிருக்கும். சம்பளம் இல்லாத அந்த இரண்டு வருடத்தை வீட்டில் பேசி முடிவு செய்துவிட்டுத்தான் சேர வேண்டும், இதைக் கல்விக் கட்டணத்தைவிடப் பெரிய செலவு என்றே நான் சொல்வேன்.

சேர்ந்த முதல் மாதத்தில் ஒரு வேலை இருக்கிறது. கல்லூரி ஆர்.சி.ஐ.க்கு அனுப்புகிற சேர்க்கைப் பட்டியலில் தன் பெயர் ஏறியிருக்கிறதா என்று அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்துகொள்கிறார். அனுமதித்த இடங்களைவிட அதிகமாகப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்கிற நிறுவனங்களில் கூடுதலாகச் சேர்ந்தவர்கள்தான் கடைசியில் தவிப்பார்கள். அது இரண்டு வருடம் கழித்துத் தெரிந்து பிரயோஜனம் இல்லை.

இரண்டு வருடமும் தேர்வை என்.பி.இ.ஆர். என்ற தேசியத் தேர்வு வாரியம் நடத்துகிறது, கல்லூரி சொந்தமாக நடத்துவதில்லை. முடிவு வந்து, சான்றிதழ் கைக்கு வர மேலும் சில மாதம். சான்றிதழ் வந்ததும் இணையத்தில் பதிவுக்கு விண்ணப்பிக்கிறார்: பத்தாம் வகுப்புச் சான்றிதழ், டிப்ளமோ மதிப்பெண் பட்டியல்கள், சான்றிதழ், ஆதார், புகைப்படம், கையெழுத்து, கட்டணம். அங்கே சரிபார்த்து எண் தருகிறார்கள். எண் வந்த பிறகு ஆறு மாதக் கிராஸ் டிசபிலிட்டிக்கு அறிவிப்பு வரும்போது சேர்கிறார். ஆக, எல்லாம் தடங்கலில்லாமல் போனால் மூன்று வருடத்தை நெருங்கும். யாராவது ஒரே வருடத்தில் முடித்துத் தருகிறேன் என்றால் மேலே சொன்ன டீக்கடையை நினைத்துக்கொள்ளுங்கள்.

பத்தாவது சர்டிஃபிகேட்டில் இனிஷியல், ஆதாரில் அப்பா பேர் முழுசா, கல்யாணத்துக்கு அப்புறம் பேங்கில் வீட்டுக்காரர் பேர். விண்ணப்பத்தில் எதைப் போடறது?

நம்ம ஊர்க்காரர்களுக்கு இதைவிடப் பெரிய தலைவலி இல்லை. டெல்லிக்காரர்களுக்கு இனிஷியல் என்றால் புரியாது, படிவத்தில் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று பெட்டி பெட்டியாகக் கேட்பார்கள்.

டிப்ளமோ சான்றிதழில் எப்படி இருக்கிறதோ எழுத்து மாறாமல் அப்படியே போடுங்கள். அதற்கு முன்னாலேயே, டிப்ளமோவில் சேரும்போதே பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடி பெயர் கொடுத்துவிடுங்கள், அது இரண்டும் ஒத்துப்போனால் பாதி பிரச்சினை முடிந்தது. செ. கலைவாணி என்று சான்றிதழில் இருந்து, ஆதாரில் கலைவாணி செல்வராஜ் என்று இருந்தால் ஆதாரை மாற்றுவதுதான் சுலபம், சான்றிதழை மாற்றப் போனால் அலைச்சல். திருமணப் பெயரைத் தொழில் பதிவுக்குள் கொண்டுவராதீர்கள். ஏற்கெனவே மாற்றிவிட்டீர்கள் என்றால் அரசிதழ் அறிவிப்பு நகலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், எங்கே போனாலும் அதைத்தான் கேட்பார்கள்.

பதிவு இல்லாம வீட்டிலேயே "ஸ்பெஷல் எஜுகேஷன் சென்டர்"னு போர்டு போட்டு நடத்தலாமா? நிறைய பேர் நடத்துறாங்களே.

நடத்துகிறார்கள், சட்டப்படி தப்பு. 1992-ஆம் ஆண்டு இந்திய மறுவாழ்வு கவுன்சில் சட்டத்தில் சிறப்பாசிரியரும் மறுவாழ்வுத் தொழில்முறையாளர் என்ற வரையறைக்குள் வருகிறார். பதிவேட்டில் பெயர் இல்லாமல் அந்தத் தொழில் செய்தால் 13-ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆயிரம் ரூபாயைப் பார்த்துச் சிரிப்பவர்கள் சிறை என்ற வார்த்தையைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். சாயங்காலம் டியூஷன் எடுங்கள், மெதுவாகக் கற்கிற பிள்ளையையும் சேர்த்துக்கொள்ளுங்கள், டியூஷன் என்றே போர்டு போடுங்கள்.

பதிவு கிடைச்சதும் பரீட்சைச் சலுகைக்கு டிஸ்லெக்சியா சான்றிதழ் நானே எழுதிக் கொடுக்கலாமா?

கூடாது. பத்தாம் வகுப்பில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் மாதிரியான சலுகைக்கு மருத்துவ அமைப்பின் சான்றிதழ் வேண்டும். குழந்தைநல மருத்துவர், மருத்துவ உளவியலாளர் எல்லாம் பார்த்துத்தான் கொடுப்பார்கள். உங்கள் வேலை அதற்கு முன்னால் இருக்கிறது: பிள்ளை எதில் தவறுகிறது, எத்தனை வாரம் என்ன பயிற்சி கொடுத்தீர்கள், அதன் பிறகும் எது மாறவில்லை என்று தேதி போட்டு, நோட்டுப் பக்கத்தின் நகலோடு எழுதிக் கொடுப்பது. அந்த இரண்டு பக்கக் குறிப்பு இருந்தால் பரிசோதிப்பவர்களுக்குப் பிள்ளையின் நிலைமை தெளிவாகத் தெரியும். எங்கே போக வேண்டும் என்று மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலோ உங்கள் வட்டார வளமையத்திலோ கேட்டுக்கொள்ளலாம். பிள்ளை பத்தாவது வந்த பிறகு டிசம்பரில் ஓடிவருகிற பெற்றோர்தான் அதிகம், எட்டாம் வகுப்பிலேயே தொடங்கச் சொல்லுங்கள்.

சி.ஆர்.ஆர். எண் இருந்தா டெட் எழுத வேண்டாம்னு சொல்றாங்களே?

இரண்டும் வேறு வேறு. சி.ஆர்.ஆர். என்பது தொழில் செய்ய உரிமம், டெட் என்பது ஒன்று முதல் எட்டு வரை ஆசிரியர் நியமனத்துக்கான தகுதித் தேர்வு. ஒரு பணிக்கு டெட் கேட்கிறார்களா என்பது அந்த அறிவிப்பில் இருக்கும், அதைப் படியுங்கள், பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னதை எடுக்காதீர்கள். சிறப்புக் கல்வி டிப்ளமோ, பி.எட். படித்தவர்களும் டெட் எழுதலாம், தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2010 ஆகஸ்ட் அறிவிப்பிலேயே அது இருக்கிறது. அதே அறிவிப்பில் இன்னொன்றும் இருக்கிறது. சிறப்புக் கல்வித் தகுதியை வைத்துப் பொது ஆசிரியராக நியமனம் ஆனால், சேர்ந்த பிறகு தொடக்கக் கல்வியில் ஆறு மாதச் சிறப்புப் பயிற்சி முடிக்க வேண்டும். இதையும் கிராஸ் டிசபிலிட்டியையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறவர்கள் உண்டு. இரண்டும் ஆறு மாதம் என்பதைத் தவிர ஒற்றுமை கிடையாது: இது சிறப்பாசிரியர் பொது வகுப்புக்கு வருவதற்கு, அது சிறப்பாசிரியர் எல்லாக் குறைபாடும் பார்ப்பதற்கு.

பணியிடம் கூடுமா என்று கேட்பீர்கள். 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தொடக்க வகுப்பில் குறைபாடுள்ள பிள்ளைகள் 10 பேருக்கு ஒரு சிறப்பாசிரியர், அதற்கு மேல் 15 பேருக்கு ஒருவர் என்று விகிதம் சொன்னது. 2025 மார்ச்சில் மாநிலங்கள் பணியிடங்களை அறிவிக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது. தீர்ப்புக்கும் நியமன ஆணைக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று ஒப்பந்தத்தில் வேலை பார்க்கிற நம் சிறப்புப் பயிற்றுநர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

ஒரு தடவை பதிவு செஞ்சா ஆயுசுக்கும் போதுமா?

போதாது, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அதற்கு இடைப்பட்ட காலத்தில் சி.ஆர்.இ. எனப்படும் தொடர் பயிற்சிகளில் கலந்து புள்ளிகள் சேர்த்திருக்க வேண்டும். ஆர்.சி.ஐ. முன்கூட்டி அனுமதித்த நிகழ்ச்சிகளுக்கு மட்டும்தான் புள்ளி, பள்ளியில் நடத்துகிற ஒருநாள் கருத்தரங்குக்குக் கிடையாது. நான்கு வருடம் சும்மா இருந்துவிட்டு ஐந்தாவது வருடம் மொத்தமாகச் சேர்க்கலாம் என்று விட்டால், அந்த வருடம் பார்த்துத் திருச்சியில் நிகழ்ச்சி இருக்காது, சென்னை முட்டுக்காட்டுக்கு ஓட வேண்டியிருக்கும். கலந்துகொள்கிற ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் உங்கள் சி.ஆர்.ஆர். எண்ணைச் சரியாக எழுதிக் கொடுத்து, சான்றிதழிலும் அதே எண் இருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். ஒரு இலக்கம் மாறினால் புள்ளி உங்கள் கணக்கில் ஏறாது.